ஜிஜி நல்ல பெண்

அந்தத் திங்கட்கிழமையும் என் வரிசையில் ஆக்கும் மாமா வரவில்லை. அதற்கு முந்தின திங்களும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஆர்யா, அக்கா மேசை குலுங்குது என்று ரெண்டு தரம் சொல்லிவிட்டாள்.

நாங்கள் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மாமியாருக்கே அது இன்னும் பிடிபடவில்லை. பாறசாலையில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் சபரீஷ் என்கிற பையன் நடத்தும் ஆபீஸ். ஆன்லைனில் வாடிக்கையாளர்கள் எழுதும் அபிப்பிராயங்களை வாசித்து, எழுதினவருக்குச் சந்தோஷமா சடவா என்று மார்க் போடுவது எங்கள் தொழில். பிளஸ் ரெண்டிலிருந்து மைனஸ் ரெண்டு வரை. ஒரே வாக்கியத்தில் ஆளைப் புகழ்ந்து, சாப்பாட்டைத் திட்டி, விலையைக் கேலி செய்திருந்தால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மார்க், கேலி உண்டா இல்லையா என்று ஒரு குறி, கடைசியில் எல்லாம் சேர்த்து மொத்த மார்க் ஒன்று. ஆர்யாவும் விபினும் தனித்தனியே போடுவார்கள். ரெண்டு பேர் மார்க்கும் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு என்னிடம் வரும். நான் பிந்து, ஒருகாலத்தில் டுடோரியலில் தமிழ் வாத்தியார், இப்போது அடுத்தவர் கோபத்தை எடைபோடுகிறவள்.

இந்த எல்லைப்பக்கத்து ஆட்கள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். அதை வாசிக்க எங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும் என்பதால் நெய்யாற்றின்கரையில் உள்ள ஒரு ஹோம் நர்ஸ் ஏஜென்சியின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. வீட்டிலிருக்கும் நோயாளிகள் சனிக்கிழமை தோறும் நர்ஸைப் பற்றி ஆப்பில் எழுதவேண்டும். முதலில் மெஷின் வாசித்து மார்க் போடும், தனக்கு எவ்வளவு நிச்சயம் என்றும் கூடவே சொல்லும். நிச்சயமில்லாதவற்றை மட்டும் எங்களுக்குத் தள்ளிவிடும். நாங்கள் போடும் மார்க்கைப் பார்த்து அது மறுபடி படிக்கும். ஏஜென்சியோ துண்டு மார்க்கையெல்லாம் பார்ப்பதில்லை. மொத்த மார்க்கை மட்டும் எடுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரி போட்டு, சராசரி குறைந்த நர்ஸை அந்த வீட்டிலிருந்து மாற்றிவிடுவார்கள்.

ஆக்கும் மாமா என்பது நாங்கள் வைத்த பெயர். வாடிக்கையாளர் பெயர் எங்களுக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான். ஆனால் இந்த எண்ணுக்காரர் எதை எழுதினாலும் ஆக்கும் என்று ஒரு அழுத்து அழுத்துவார். முற்றுப்புள்ளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை அவர் எழுதினது இது:

"ஜிஜி வந்த பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை, காப்பியில் சர்க்கரை கிடையாது, குழம்பில் உப்பு கிடையாது, இடுப்பு ஒடிந்தவனை வாக்கரில் நிறுத்தி முற்றம் முழுக்க நடத்துவாள், சாகலாம் என்று படுத்தாலும் மாத்திரையோடு வந்து எழுப்புவாள், இப்படி ஒரு கொடுமைக்காரியைத் தேடிப் பிடித்து அனுப்பிய உங்கள் ஸ்தாபனம் நன்றாக இருக்கவேண்டும், அடுத்த மாதமும் இவளையே அனுப்பவும், வேறு ஆள் வந்தால் கேட்டைத் திறக்கமாட்டேனாக்கும்."

விபின் பிளஸ் ரெண்டு போட்டான். ஆர்யா மைனஸ் ரெண்டு போட்டாள். மெஷின் மைனஸ் ஒன்று போட்டு, பாதிக்குப் பாதிதான் நிச்சயம் என்று கைகழுவியது. வழக்கு என்னிடம் வந்தது.

இதில் எழுதினவருக்குச் சந்தோஷமா இல்லையா என்று இந்த ஊர்க்காரியான என்னிடம் கேட்கவேண்டுமா? பிடித்த ஆளைத் திட்டாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் வேலைக்கு ஒரு விதி உண்டு, அதை ஏஜென்சி எழுத்தில் கொடுத்திருக்கிறது: கேலி என்று குறித்தால் மொத்த மார்க் மைனஸ்தான். விதியை எழுதினவரை முழுக்கக் குறைசொல்லவும் முடியாது. "அருமையான சர்வீஸ், காலையில் வரவேண்டிய நர்ஸ் சாயங்காலமாவது வந்தாரே" என்பது போன்றவைதான் அதிகம். வார்த்தை இனிப்பு, உள்ளே கசப்பு. அங்கே விதி சரி. ஆக்கும் மாமா அதைத் தலைகீழாக வைத்திருந்தார். வார்த்தை முழுக்கக் கசப்பு, உள்ளே சர்க்கரை. அப்படியும் ஒரு கேலி உண்டு என்று விதி எழுதினவருக்குத் தோன்றவில்லை.

நான் சபரீஷிடம் சண்டை போட்டேன். அவன் ஏஜென்சிக்கு எழுதிக் கேட்டான். ஆளுக்கு ஒரு விதி வைத்தால் மெஷின் எதையும் படிக்காது, ஒரே மாதிரி போடுங்கள் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வாராவாரம் அவருக்கு மைனஸ் விழும், குறிப்புக் கட்டத்தில் நான் "இவர் இந்த நர்ஸை மிகவும் விரும்புகிறார்" என்று எழுதுவேன், அந்தக் கட்டத்தை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். எங்களுக்கெல்லாம் திங்கட்கிழமை விடிந்தால் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. விபின் சத்தமாக வாசிப்பான், சபரீஷ்கூட உள்ளிருந்து வந்து நின்று கேட்பான்.

அவர் யாரென்று எனக்கு நடுவிலேயே தெரிந்துபோய்விட்டது. ஒருமுறை கொல்லயில் என்கிற ஊர்க் கோயில் குளத்துத் தவளைகள் தன்னைத் தூங்கவிடுவதில்லை, அவையும் ஜிஜியின் கூட்டுக்காரிகளாக்கும் என்று எழுதியிருந்தார். என் புகுந்தவீடும் கொல்லயில்தான். குளத்துக்கு எதிர்ப்பக்கம் இடுப்பு ஒடிந்து கிடப்பவர் நமச்சிவாயம் மாமா ஒருவர்தான். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி இறந்து தனியாக இருப்பவர், மகள் பெங்களூரில். எனக்குத் தெரிந்த ஆளாக இருக்கிறார், இவர் வழக்கை நான் தீர்க்கலாமா என்று சபரீஷிடம் கேட்டேன். இந்த ஊரில் நமக்குத் தெரியாத ஆள் யார் அக்கா என்று சிரித்தான்.

அப்படிப்பட்டவர் ரெண்டு வாரமாக வரிசையில் இல்லை.

உச்சிவேளைக்கு முன் பொறுமை கெட்டுப்போய் அவர் எண்ணைப் போட்டுத் தேடினேன். எழுதியிருந்தார். ரெண்டு சனிக்கிழமையும் எழுதியிருந்தார். எங்களிடம் வராததற்குக் காரணம் மெஷினுக்குச் சந்தேகமே எழவில்லை என்பதுதான். பிளஸ் ரெண்டு, நிச்சயம் தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"ஜிஜி நல்ல பெண். சேவை மிகவும் திருப்தி. நன்றி."

அவ்வளவுதான். மூன்று வாக்கியம், மூன்று முற்றுப்புள்ளி. ரெண்டு வாரமும் எழுத்து மாறாமல் அதே மூன்று.

சபரீஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மெஷின் நன்றாகத் தேறிவிட்டது அக்கா, சந்தேகமே இல்லாமல் போட்டிருக்கிறது பாருங்கள் என்றான். மெஷினைச் சொல்லவில்லை, மனுஷனைச் சொல்கிறேன் என்றேன். மனுஷனுக்குத் திருப்தி என்று எழுதியிருக்கிறதே என்றான். அவனிடம் எதைச் சொல்லி விளங்கவைப்பது? எங்கள் பக்கம் ஒருத்தியை மூக்குக்கு நேரே நல்ல பெண்ணென்று சொல்வது ரெண்டே சமயம். வேலையை விட்டு அனுப்பும்போது ஒன்று, பதினாறாம் நாள் சாப்பாட்டில் ஒன்று.

என் தலையில் ஏதேதோ ஓடியது. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டதோ, அந்தப் பெண்ணே அவர் ஃபோனை எடுத்துத் தனக்கு நல்லெழுத்து எழுதிக்கொண்டதோ, மனுஷன் கட்டிலில் கேட்பாரில்லாமல் கிடக்கிறாரோ. அப்படிச் செய்திருந்தால் அந்த ஜிஜியை நான் சும்மா விடப்போவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். பார்த்தே இராத ஒருத்தியிடம் எனக்கு அத்தனை கோபம் வந்தது. அரைநாள் லீவு என்று சொல்லிவிட்டு, சபரீஷ் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெங்குத் தோப்புகள் வழக்கத்தைவிட மெதுவாகப் போவதுபோல் இருந்தது. போய் என்ன சொல்வது என்பதும் யோசனையாகத்தான் இருந்தது. உங்கள் எழுத்தை வாராவாரம் வாசிக்கிறவள் நான் என்று சொன்னால் என் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எதற்கு வந்தாய் என்பார். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டேன், நோயாளியைப் பார்க்க வந்ததாக இருக்கட்டும் என்று. சர்க்கரை நோயாளிக்குப் பழம் வாங்கின என் புத்தியைக் குளத்தங்கரைக்கு வந்தபிறகுதான் நொந்துகொண்டேன்.

கேட் திறந்திருந்தது. சிட்அவுட்டில் ஒரு பேக், அதன்மேல் மடக்குக் குடை. பக்கத்துப் படியில் ஒரு பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், கண் வீங்கியிருந்தது. நான் யாரென்று கேட்காமலே, சாரைப் பார்க்க வந்தீங்களா, உள்ளே உண்டு என்றாள். ஜன்னல் வழியே பார்த்தேன். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். சட்டை வெளுப்பு, முகம் மழித்திருந்தது, கையும் விழவில்லை காலும் விழவில்லை. சத்தியம் செய்துவிட்டு வந்ததையெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

பேக்கைக் காட்டி, லீவுக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"இல்ல சேச்சி. வேற வீட்டுக்கு. ஏஜென்சி வண்டி சாயங்காலம் வரும். நானாத்தான் விளிச்சு மாத்தித் தரச் சொன்னேன்."

பொழியூர்க்காரியாம். அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்குச் செவிட்டில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. நோயாளி எழுதுவதெல்லாம் நர்ஸின் ஃபோனிலும் தெரியும். சனிக்கிழமை ராத்திரி அதை வாசிப்பதுதான் இவளுக்குச் சினிமா பார்ப்பதுபோல. கொடுமைக்காரி, காலன், போலீஸ் என்று அவர் எழுதினதையெல்லாம் வீட்டுக்கு அனுப்புவாள், அங்கே தங்கச்சியும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். இதைவிடப் பெரிய வீட்டில் அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும் இவள் போகவில்லை. ரெண்டு வாரமாக மனுஷன் மாறிப்போனார். காப்பியைக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் குடிக்கிறார். மாத்திரையைக் கொடுத்தால் தேங்க்யூ என்கிறார். நடக்கச் சொன்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நடக்கிறார். என்ன தப்பு செய்தேன் என்று இவள் கேட்டதற்கு, ஒரு குறையும் இல்லை, மிகவும் திருப்தி என்றாராம்.

"நல்ல பெண்ணுன்னு எழுதியிருக்காரு சேச்சி. ரெண்டு வாரமும். இனி என்னத்துக்கு இஞ்ச நிக்கணும்? போன்னு வாயால சொல்லதுக்கு முன்ன போயிரலாம்னுதான்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் பழச்சீப்பை அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

நான் சுனில்குமாரின் மனைவி என்று சொன்னதும் மாமா பேப்பரை மடித்தார். வரவேற்பு அளவாக இருந்தது. நலம்தானே, மழை எப்படி, குழந்தைகள் படிக்கிறார்களா. ஒவ்வொரு வாக்கியமும் நறுக்கினதுபோல முடிந்தது. என் கல்யாணத்தன்று பந்தியில் பப்படம் நமுத்துப்போனதற்கு என் மாமனாரைச் சிரிக்கச் சிரிக்கக் கிழித்த வாய் இது. எனக்குப் பயமாகவே இருந்தது. நர்ஸ் எப்படி மாமா என்று கேட்டேன்.

"நல்ல பெண். சேவை மிகவும் திருப்தி."

சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். என் பொறுமை அங்கே அறுந்தது.

"மாமா, நீங்க இப்பிடிப் பேசுத ஆளு இல்ல. என்ன நடந்துதுன்னு எனக்கு இப்பம் தெரியணும்."

முதலில் மழுப்பினார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினதும் குரலைத் தாழ்த்தி, ஏதோ கொலைச்செய்தி சொல்வதுபோல் சொன்னார். ரெண்டு வாரத்துக்கு முன் ஏஜென்சி மேனேஜர் கூப்பிட்டானாம். ஜிஜிமேல் உங்களுக்கு இத்தனை சடவு இருந்தால் முன்பே சொல்லியிருக்கலாமே, இந்த மாசக் கடைசியில் ஆளை மாற்றிவிடுகிறோம் என்றானாம். எனக்கு என்ன சடவு என்று இவர் கேட்டிருக்கிறார். வாராவாரம் மைனஸ் மைனஸாக வந்திருக்கிறது சார், கம்ப்யூட்டர் சொல்கிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். இவர் பதறிப்போய், நான் அவளைப் புகழ்ந்தல்லவா எழுதினேன் என்று கெஞ்சியிருக்கிறார். அப்படியானால் இனிமேல் சின்னச் சின்ன வாக்கியமாக, நல்லது என்றால் நல்லது என்று எழுதுங்கள், வேறு பேச்சே வேண்டாம் என்று அவன் பாடம் சொல்லிக்கொடுத்தானாம்.

சரி, எழுதுவதைத்தானே மாற்றச் சொன்னான், பேச்சை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். மாமா என்னை ஒரு மண்டூகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நாப்பது வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்தவனாக்கும் நான். எழுதிக் கையொப்பு போட்டதுக்கு எதிரா வாயால ஒண்ணு சொன்னா அந்தப் பத்திரம் நிக்காது. நாளைக்கு எவனாவது வந்து இவகிட்ட, சாரு உன்னெ என்ன சொல்லி விளிப்பாருன்னு கேட்டா? கொடுமைக்காரின்னு விளிப்பாருன்னு இவ உள்ளதைச் சொல்லுவா. எழுதினது கள்ளம்னு ஆயிரும்லா."

இதை இந்த மண்ணில் நமச்சிவாயம் மாமாவைத் தவிர யாராலும் யோசித்திருக்க முடியாது. ரெண்டு வாரமாக அந்த மனுஷன் தன் நாக்கைப் பிடித்துக் கட்டிவைத்து, பத்திரத்துக்கும் பேச்சுக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இதை அவளிடம் சொன்னால் என்ன என்றேன். என்னவென்று சொல்வது, நீ போகக்கூடாது என்றா, அதையெல்லாம் ஒரு பெண்பிள்ளையின் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். அவர் காது சிவந்திருந்தது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்த மைனஸ்களில் எல்லாம் கடைசிக் கையெழுத்து என்னுடையது. விதி அவர்களுடையது என்று நான் எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டாலும் மாமா முகத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை.

"மாமா, அவ பேக்கை எடுத்து வெளிய வச்சிட்டு இருக்கா. வண்டி வந்தோண்டு இருக்கு. நீங்க நல்ல பெண்ணுன்னு எழுதினதை, போன்னு சொன்னதா எடுத்திருக்கா."

மாமாவின் பேப்பர் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பிறகு வாக்கரைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். நான் பிடிக்கப்போனதைத் தட்டிவிட்டு, முனகிக்கொண்டே எழும்பி, ஓரோர் அடியாக வாசல்வரை போனார். வெளியே ஜிஜி எழுந்து நின்றாள். கேட்டுக்கு வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது.

நாக்கு அவிழ அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"எங்கட்டீ போற?" என்றார். "என்னெ நடக்க வச்சு எலும்பை முறிச்சது போராதுன்னு இனி அடுத்த வீட்டுக்காரனுக்க எலும்பையும் முறிக்கப் போறியா? அந்தக் காப்பியைக் குடிச்சு நான் ஒருத்தன் சாவது போதாதா, நாட்டையே கொல்லணுமா? பேக்கைத் தூக்கி உள்ள வைட்டீ, கொடுமைக்காரி."

ஜிஜி நேரே கேட்டுக்குப் போய், டிரைவர் அண்ணே, ஆளு வரல்ல, திரும்பிக்கோ என்றாள். திரும்பி வந்து பேக்கை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போகும்போது, "வாக்கரை வளைச்சுப் பிடிக்கப்பிடாதுன்னு எத்தனை மட்டம் சொன்னேன் சார்" என்று ஒரு அதட்டு. மாமா பிடியை நேராக்கிக்கொண்டார்.

நான் என் வேலை என்ன என்பதை அவர்களிடம் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாதுதான், சொன்னேன். மாமா, மைனஸ் போட்ட மகராசி நீதானா, சுனிலுக்கு எப்படியும் இப்படி ஒன்றுதான் வாய்க்கும் என்று எனக்குத் தெரியும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது.

ஒரு யோசனை சொன்னேன். எழுதும்போது நேராக எழுதுங்கள், வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை என்று. மாமாவுக்குச் சம்மதம். ஜிஜிதான் முடியாது என்றுவிட்டாள். அந்த மூன்று முற்றுப்புள்ளியைத் தன்னால் இனி ஒரு சனிக்கிழமை வாசிக்க முடியாது, மார்க் போனால் போகட்டும் என்றாள். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய மைனஸ்கள் அப்படியே கிடந்தன, ரெண்டு பிளஸ்ஸை வைத்துச் சராசரி மேலேறாது. இன்னொரு மைனஸ் விழுந்தால் அவளை மாற்றுவது உறுதி. அது மூன்று பேருக்கும் தெரியும். அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் வாறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய்ப் படியில் நின்றேன். வரிசையில் முதலாவதாக அவர்தான் இருந்தார். விபின் வாசிக்க வாசிக்க உரக்கடைக்காரரும் மேலே ஏறி வந்துவிட்டார்.

"கடந்த ரெண்டு சனிக்கிழமைகளில் ஜிஜி நல்ல பெண் என்று நான் எழுதிக் கொடுத்தது ஏஜென்சியாரின் நிர்ப்பந்தத்தின்பேரில் எழுதியதாகையால் அதை இதன்மூலம் ரத்து செய்கிறேன், அவள் கொடுமைக்காரியேயாக்கும், அவள் காப்பி பகைவனுக்கும் கொடுக்கக் கொள்ளாது, ஆனாலும் நான் போகும்வரை எனக்கு இவளேதான் வேண்டும், இடையில் மாற்றினால் உங்களைப் பழிவாங்குவதற்காகவே நூறு வயசுவரை இருப்பேனாக்கும்."

மெஷின் மைனஸ் ரெண்டு. நிச்சயம் ஐம்பத்தொரு சதவீதம். ஆர்யா இந்த முறை பிளஸ் ரெண்டு போட்டிருந்தாள், விபினும் அதே. ரெண்டு பேருமே கேலி உண்டு என்று குறித்திருந்தார்கள். அப்படியானால் விதிப்படி மைனஸ், அவர்கள் போட்ட பிளஸ் நிற்காது என்பதால் வழக்கு என்னிடமே வந்தது.

நான் துண்டு துண்டாகப் பிரித்தேன். காப்பி, மைனஸ் ஒன்று. ஏஜென்சி, மைனஸ் ரெண்டு. நர்ஸ், பிளஸ் ரெண்டு. கேலி உண்டு. மொத்தம், பிளஸ் ரெண்டு. போட்டுவிட்டு சபரீஷை அழைத்தேன். விதியை மீறிப் போட்டிருக்கிறேன், இதை நீ திருத்தினால் நாளைமுதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றேன். நல்ல வேலை அது, எங்கள் வீட்டுக்கு அது தேவையும்கூட. அந்த வீட்டுக்குப் போய்வந்ததையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். குனிந்து திரையில் அந்த எழுத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.

"அக்கா, கேலியை விட்டிருவோம். மனுஷன் திரும்ப அதே ஆளைக் கேக்காரு. பிடிக்காதவளை எவனாவது திரும்பக் கேப்பானா?"

அதைத்தான் ஏஜென்சிக்கு எழுதினான். கேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே நர்ஸ் வேண்டும் என்று வாடிக்கையாளர் வெளிப்படையாகக் கேட்டிருந்தால் மொத்த மார்க்குக்கு அதையே முதல் சாட்சியாக எடுக்கவேண்டும், பழையவற்றையும் அந்த விதிப்படி மறுபடி போடவேண்டும் என்று. நான் எழுதிவைத்திருந்த குறிப்புக் கட்டங்களையெல்லாம் தேடி எடுத்துக் கூடவே அனுப்பினான். மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் நான் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன், ஆர்யா மேசையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நாலாம் நாள், சரி, மறுபடி போடுங்கள் என்று ஒரே வரியில் வந்தது. அவருடைய பழைய எழுத்துகளை எடுத்துப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் எங்காவது ஒரு மூலையில் "இவளையே அனுப்பவும்" கிடந்தது.

மாசக் கடைசியில் ஜிஜி ஃபோன் செய்தாள். ஏஜென்சியில் அவளை இன்னும் ஒரு வருஷத்துக்குக் கொல்லயிலுக்கே மறுபடி எழுதிவிட்டார்களாம். சாரிடம் சொன்னாயா, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"தலையில கை வச்சுக்கிட்டு, இனியும் ஒரு வருஷமா, எனக்க விதின்னாரு சேச்சி" என்றாள். அவள் குரலில் அத்தனை பெருமை இருந்தது. பின்னால் மாமா காப்பியைக் குறைசொல்லிக்கொண்டிருப்பது எனக்கும் நன்றாகக் கேட்டது.

ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் அழுதேன்.